மண்ணுக்கடியில் எங்கே பழுது? எதிரொலி சொல்லும் விலாசம்

கம்பத்தில் ஓடும் மின்சார வயர் அறுந்து விழுந்தால் அதைத் தேடித் திரிய வேண்டியதில்லை. தெருவில் விளையாடும் பிள்ளையே ஓடி வந்து சொல்லிவிடும். ஆனால் நகரங்களில் பல பாதைகளில் இன்று கம்பமும் இல்லை, தொங்கும் வயரும் இல்லை. தடித்த கேபிள்கள் பாதைக்கு அடியில், ஏறக்குறைய ஒரு மீற்றர் ஆழத்தில், மணல் மூடிக் கிடக்கின்றன. மேலே தார்; தாரின் மேல் வாகனங்கள். அந்தக் கேபிளின் ஏதோ ஓர் இடத்தில் விரல் நுனி அளவுக்குக் காவல் உறை கருகிப் போனால் போதும், ஒரு தெருவே இருண்டுவிடும். குளிர்சாதனப் பெட்டியில் இருக்கும் இன்சுலின் மருந்து, கைக்குழந்தைக்கு எடுத்துவைத்த பால், மாடியில் தண்ணீர்த் தாங்கிக்கு நீரேற்றும் மோட்டார் எல்லாம் அந்த விரல் நுனியை நம்பியே இருக்கின்றன.

இப்படியான நேரத்தில் வேனில் வந்து இறங்கும் பணியாளரிடம் வீட்டு வாசலில் நிற்கும் மூதாட்டி கேட்பது ஒரே கேள்விதான்.

"தம்பி, இந்த ரோட்டு முழுக்கக் கிண்டப் போறீங்களா?"

"இல்ல உம்மா, ஒரு குழிதான். எங்க வெட்டணும் எண்டு முதல்ல இந்தப் பெட்டியக் கேட்டுப் பாப்பம்."

அந்தப் பெட்டியின் முழுப் பெயர் டைம் டொமைன் ரிஃப்லெக்டோமீற்றர். பெயர் நீளமாக இருப்பதால் அத்துறையினர் டீ.டீ.ஆர். என்றே அழைப்பார்கள். பேட்டரியில் இயங்கும், கையில் தூக்கிச் செல்லக்கூடிய சிறு கருவிதான். அது செய்வதும் நமக்குப் பழக்கமான காரியம்தான்: ஒரு குரல் கொடுத்துவிட்டு, எதிரொலி வரும் வரை நேரம் பார்ப்பது.

பாதியாக்க மறந்தால்...

ஒரு பெரிய மதிலுக்கு எதிரே நின்று கை தட்டுகிறீர்கள். சரியாக ஒரு செக்கன் கழித்து எதிரொலி கேட்கிறது. ஒலி காற்றில் ஒரு செக்கனில் ஏறத்தாழ 340 மீற்றர் செல்லும். அப்படியானால் மதில் 340 மீற்றர் தூரத்தில் இருக்கிறதா? இல்லை. ஒலி போயும் வந்திருக்கிறது. எனவே மதில் இருப்பது 170 மீற்றர் தூரத்தில். எதிரொலியை வைத்துத் தூரம் அளக்கும் எவரும் முதலில் மனதில் இருத்த வேண்டியது இந்தப் பாதியைத்தான். சில கருவிகள் கேபிளின் வேகத்தையே பாதியாக்கிப் பதியச் சொல்லும், வேறு சில முழு வேகத்தைக் கேட்கும். கைமாற்றிப் பதிந்துவிட்டால் 300 மீற்றரில் வெட்ட வேண்டிய குழியை 600 மீற்றரில் வெட்ட நேரும்.

டீ.டீ.ஆர். அனுப்பும் குரல் ஒரு குறுகிய மின் துடிப்பு. அதன் நீளம் ஒரு மைக்கிரோ செக்கனின் சிறு பங்கிலிருந்து சில மைக்கிரோ செக்கன் வரை இருக்கும். ஒரு மைக்கிரோ செக்கன் என்பது ஒரு செக்கனைப் பத்து லட்சமாகப் பங்கிட்டால் வரும் ஒரு பங்கு. வெற்றிடத்தில் ஒளி அந்த நேரத்துக்குள் 300 மீற்றர் சென்றுவிடும். கேபிளில் துடிப்பு அவ்வளவு விரைவாகப் போவதில்லை. இதில் பலரும் எதிர்பாராத ஒரு விடயம் உண்டு. துடிப்பின் வேகத்தைத் தீர்மானிப்பது செம்பு அல்ல, செம்பைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக்தான். துடிப்பின் சக்தி உண்மையில் பயணிப்பது நடுக் கம்பிக்கும் அதைச் சுற்றியுள்ள உலோக உறைக்கும் இடைப்பட்ட அந்தக் காவற் பொருளின் ஊடாகவே. இக்கால மின் கேபிள்களில் உள்ள குறுக்குப் பிணைப்புப் பொலித்தீனில் அது மைக்கிரோ செக்கனுக்கு ஏறக்குறைய 155 முதல் 175 மீற்றர் வரை செல்லும். எண்ணெயில் ஊறிய கடதாசி சுற்றிய பழைய கேபிள்களில் பெரும்பாலும் அதைவிடச் சற்றுக் குறைவு.

எதிரொலி ஏன் வருகிறது?

கேபிள் முழுவதும் ஒரே சீராக இருந்தால் துடிப்பு பேசாமல் போய்க்கொண்டே இருக்கும். நடுக் கம்பியின் தடிப்பு, அதற்கும் உறைக்கும் உள்ள இடைவெளி, இடையிலுள்ள பொருள் ஆகிய மூன்றும் சேர்ந்து ஒவ்வொரு கேபிளுக்கும் ஒரு தடங்கல் அளவைக் கொடுக்கின்றன. மின் கேபிள்களில் அது 30 ஓம் போன்ற சிறிய எண்ணாக இருக்கும். இது ஓம்மீற்றரில் அளக்கும் சாதாரணத் தடை அல்ல. ஓடும் துடிப்புக்கு அந்தக் கேபிள் எப்படித் தோன்றுகிறது என்பதற்கான அளவு. எந்த இடத்தில் இந்த அளவு மாறுகிறதோ அந்த இடத்தில் துடிப்பின் ஒரு பகுதி திரும்பி வரும்.

எப்படித் திரும்பும் என்பதைத் துணி காயப் போடும் கயிற்றில் பார்க்கலாம். கயிற்றின் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் இறுகக் கட்டி, மறு முனையைக் கையில் பிடித்து மேல்நோக்கி ஒரு உதறு உதறுங்கள். ஒரு மேடு ஓடிப்போய் ஜன்னலில் மோதித் திரும்பும். திரும்பும்போது அது மேடாக அல்ல, பள்ளமாக வரும். இனி அதே கயிற்றை ஒரு நீண்ட மெல்லிய தையல் நூலால் ஜன்னலோடு இணைத்து, முனை தாராளமாக ஆடும்படி விட்டு உதறினால், போன மேடு மேடாகவே திரும்பும்.

கேபிளிலும் இதே நிலைதான். கம்பி உறையோடு ஒட்டி ஷோர்ட் ஆகியிருந்தால், அங்கே மின்னழுத்தம் அசைய முடியாமல் கட்டப்பட்டிருக்கிறது. எனவே துடிப்பு தலைகீழாகத் திரும்பும். கம்பி அறுந்திருந்தால், அல்லது கேபிளின் முனை எதனோடும் இணைக்கப்படாமல் இருந்தால், துடிப்பு நிமிர்ந்தபடியே திரும்பும். ஆகவே திரையில் தோன்றும் கோடு தூரத்தை மட்டுமல்ல, நோயின் தன்மையையும் சொல்கிறது. பள்ளம் கண்டால் ஒட்டியிருக்கிறது, மேடு கண்டால் அறுந்திருக்கிறது.

ஒரு தெருவின் கணக்கு

விளங்கிக்கொள்வதற்காக ஒரு தெருவை வைத்துக்கொள்வோம். இரண்டு நிலைமாற்றி நிலையங்களுக்கு இடையே 11,000 வோல்ற்றுக் கேபிள் ஒன்று புதைக்கப்பட்டிருக்கிறது. பதிவேட்டின்படி அதன் நீளம் 820 மீற்றர். உள்ளே மூன்று கம்பிகள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் செம்பு உறை. ஒரு நாள் அதிகாலையில் பாதுகாப்புக் கருவி இந்தக் கேபிளைத் துண்டித்துவிடுகிறது.

பெட்டியைத் திறக்குமுன் செய்ய வேண்டியவை இருக்கின்றன. இரு முனைகளிலும் மின் இணைப்பை அகற்றிப் பூட்டிடுவார்கள். உயிர் இல்லை என்று சோதித்து, கம்பிகளைப் பூமியோடு இணைப்பார்கள். நீளமான கேபிள் துண்டித்த பின்பும் மின்னேற்றத்தைத் தேக்கி வைத்திருக்கும்; அதை வடியவிடாமல் தொட்டால் ஆளையே கொல்லும். அதன் பிறகு காவல் சோதனை. இரண்டு கம்பிகள் ஆயிரக்கணக்கான மெகா ஓம் காட்டுகின்றன. அவை நலம். மூன்றாவது கம்பிக்கும் அதன் உறைக்கும் இடையே வெறும் 20 ஓம். நோயாளி யார் என்பது தெரிந்துவிட்டது. இனி நோய் எங்கே என்பதுதான்.

நல்ல பணியாளர் நோயாளியிடம் உடனே போகமாட்டார். நலமான கம்பியில்தான் முதலில் டீ.டீ.ஆரை இணைப்பார். காரணம், நலமான கம்பியின் மறுமுனையிலிருந்து வரும் மேடு எத்தனை மைக்கிரோ செக்கனில் வருகிறது என்று பார்த்தால், இந்தக் குறிப்பிட்ட கேபிளின் வேகம் கிடைத்துவிடும். நம் தெருவில் அது 10 மைக்கிரோ செக்கனில் வருகிறது. போக 820, வர 820. மொத்தம் 1,640 மீற்றர். பத்தால் பிரித்தால் மைக்கிரோ செக்கனுக்கு 164 மீற்றர். அட்டவணைப் புத்தகத்தில் உள்ள எண்ணைவிட இந்த எண்ணே நம்பகமானது. வேகத்தில் 2 சதவீதம் பிழைத்தாலும் 300 மீற்றர் தூரத்தில் அது 6 மீற்றர் பிழையாகிவிடும். ஆறு மீற்றர் என்பது பக்கத்து வீட்டு வாசல்.

இப்போது நோயுற்ற கம்பி. திரையில் 3.8 மைக்கிரோ செக்கனில் ஒரு பள்ளம். 3.8ஐ 164ஆல் பெருக்கிப் பாதியாக்கினால் ஏறக்குறைய 312 மீற்றர். இன்னொன்றும் தெரிகிறது. அதே கோட்டில் 10 மைக்கிரோ செக்கனில் சிறிய மேடு ஒன்றும் இருக்கிறது. அப்படியென்றால் துடிப்பின் ஒரு பங்கு பழுதைத் தாண்டி மறுமுனை வரை போய் வந்திருக்கிறது. கம்பி அறுந்து போகவில்லை. பக்கவாட்டில் கசிகிறது, அவ்வளவுதான்.

இரண்டு கோடுகளையும் ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டுப் பார்ப்பது இத்தொழிலின் மிகச் சிறந்த வழக்கம் என்பது என் எண்ணம். தனியே பார்த்தால் டீ.டீ.ஆர். கோடு நெளிவுகள் நிறைந்தது. நம் தெருவின் மூன்று கம்பிகளிலும் 300 மீற்றர் அளவில் ஒரு சிறு நெளிவு இருக்கிறது. அனுபவமற்றவர் அங்கேயே குழி வெட்டிவிடக் கூடும். ஆனால் அது பழுதல்ல, முன்னர் போட்ட மூட்டு. மூட்டுக்குள் கம்பிக்கும் உறைக்கும் உள்ள இடைவெளி மாறுவதால் தடங்கல் மாறி ஒரு சிறு எதிரொலி வருகிறது. நலமான கம்பியிலும் நோயுற்ற கம்பியிலும் ஒன்றாகவே தெரியும் நெளிவு பழுதாக இருக்காது. இரு கோடுகளும் எந்த இடத்தில் பிரிகின்றனவோ அதுதான் தேடும் இடம்.

சந்தேகம் தீர மறுமுனைக்குச் சென்றும் அளப்பார்கள். அங்கிருந்து பள்ளம் 6.2 மைக்கிரோ செக்கனில் வர வேண்டும். 3.8உம் 6.2உம் கூட்டினால் 10. கணக்கு நேராகிறது. கூட்டுத்தொகை 10க்குக் குறைந்து நின்றால், ஒரு முனையிலிருந்து ஒரு பழுதையும் மறு முனையிலிருந்து வேறொரு பழுதையும் பார்த்திருக்கிறார்கள், அதாவது இடையில் இரண்டு பழுதுகள் உள்ளன என்று ஐயுற வேண்டும்.

பெட்டிக்குத் தெரியாதவை

முதலாவது, அருகில் இருப்பது தெரியாது. துடிப்பு கேபிளுக்குள் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. ஒரு மைக்கிரோ செக்கன் நீளமான துடிப்பு நம் கேபிளில் 164 மீற்றரை அடைத்துக்கொள்ளும். அது முழுவதும் வெளியேறு முன்பே திரும்பி வரும் எதிரொலி, போகும் துடிப்போடு கலந்து மறைந்துவிடும். ஆகவே முதல் 82 மீற்றர் குருடு. நாம் பேசிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் யாராவது மெதுவாகப் பதில் சொன்னால் கேட்பதில்லை அல்லவா? அதுதான். துடிப்பைப் பத்தில் ஒரு பங்காகக் குறுக்கினால் குருட்டுத் தூரம் 8 மீற்றராகச் சுருங்கும். ஆனால் குறுகிய துடிப்பு வழியிலேயே தேய்ந்து, தூரத்து எதிரொலியைக் கொண்டுவராது. எனவே அருகில் பார்க்கக் குறுகிய துடிப்பு, தூரத்தில் பார்க்க நீண்ட துடிப்பு என்று மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது குறைபாடு பெரியது. நம் உதாரணத்தில் பழுது 20 ஓம். கேபிளின் தடங்கல் 30 ஓம் என்றால், துடிப்பின் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு திரும்பி வருகிறது, நன்றாகத் தெரியும். பழுது 300 ஓமாக இருந்தால் திரும்புவது 5 சதவீதம் கூட இல்லை. பத்து லட்சம் ஓம் என்றால் திரையில் ஒன்றுமே தெரியாது. ஆனால் மின் கேபிள்களில் வரும் பழுதுகளில் பல இந்த வகைதான். உறையில் மயிரிழை போன்ற ஒரு வெடிப்பு. சாதாரண நேரத்தில் நல்ல பிள்ளையாக இருக்கும். உயர் அழுத்தம் வந்ததும் பொறி பாயும். டீ.டீ.ஆரின் துடிப்பு சில பத்து வோல்ற்று மட்டுமே ஆதலால், அதன் முன் இந்தப் பழுது வாய் திறப்பதில்லை.

அதற்கு ஓர் அழகான தந்திரம் வைத்திருக்கிறார்கள். பெரிய மின்தேக்கி ஒன்றைப் பல ஆயிரம் வோல்ற்றுக்கு ஏற்றி, கேபிளுக்குள் ஒரேயடியாக விடுவார்கள். பழுதான இடத்தில் மின்வில் ஒன்று தோன்றி, செக்கனின் ஆயிரத்தில் சில பங்கு நேரம் எரியும். எரியும் மின்வில்லின் தடை மிகவும் குறைவு. அந்தக் கணத்தில் பழுது ஒரு ஷோர்ட் போலவே நடந்துகொள்ளும். அதற்குள் டீ.டீ.ஆர். தன் துடிப்பை அனுப்பி எதிரொலியைப் பிடித்துவிடும். கணம் என்று நாம் சொன்னாலும், 10 மைக்கிரோ செக்கனில் போய்வரும் துடிப்புக்கு அது தாராளமான அவகாசம். உயர் அழுத்தம் கருவிக்குள் புகாதபடி இடையில் ஒரு வடிகட்டி இருக்கும். மின்வில் இல்லாதபோது எடுத்த கோட்டையும், எரியும்போது எடுத்த கோட்டையும் ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டால், பிரியும் இடம் பளிச்சென்று தெரியும்.

கிளை விடும் கேபிள்களிலும் இக்கருவி திண்டாடும். கிளை தொடங்கும் இடத்தில் துடிப்புக்கு இரண்டு பாதைகள் ஒருமிக்கக் கிடைப்பதால் தடங்கல் பாதியாகிறது. துடிப்பின் மூன்றில் ஒரு பங்கு தலைகீழாகத் திரும்புகிறது. திரையில் அது அரைகுறை ஷோர்ட் போலவே இருக்கும். வீட்டுக்கு வீடு கிளை பிரியும் தாழ் அழுத்தக் கேபிளில் இப்படி எத்தனை பள்ளங்கள் வரும் என்று எண்ணிப் பாருங்கள். "அப்படியானால் எங்கள் வீட்டுச் சுவருக்குள் இருக்கும் வயர் பழுதையும் இதால் கண்டுபிடிக்கலாமே?" என்று கேட்கத் தோன்றும். அங்கே வயரின் நீளமே சில மீற்றர்தான். சுவிட்சுக்குச் சுவிட்சு கிளை. வீட்டு வயரிங்குக்கு ஒவ்வொரு பகுதியாகக் கழற்றிக் காவல் சோதனை செய்வதே நல்ல வழி.

312 மீற்றர் என்றால் எந்த வாசல்?

பெட்டி சொன்னது கேபிளுக்குள் 312 மீற்றர். பாதையில் 312 மீற்றர் என்று அது சொல்லவில்லை. நிலையத்துக்குள் கேபிள் கீழிறங்கி வளைந்து வருகிறது. மூட்டுக்கு அருகே பிற்காலத் தேவைக்காகச் சில மீற்றரை வளையமாக விட்டிருப்பார்கள். இவற்றைக் கழித்தால் பாதையில் 305 மீற்றர் அளவில் இருக்கலாம். சில மீற்றர் முன் பின் என்ற நிலையில் தாரை உடைப்பது புத்தியல்ல. எனவே கடைசி அடிகளைக் காதால் நடக்கிறார்கள்.

முன்னர் சொன்ன மின்தேக்கியைச் சில செக்கன்களுக்கு ஒரு முறை கேபிளுக்குள் வெடிக்கவிடுவார்கள். பழுதான இடத்தில் பாயும் பொறி, மண்ணுக்குள் 'டொப்' என்று ஓர் அடி கொடுக்கும். பணியாளர் நிலத்தில் ஒலிவாங்கி ஒன்றை வைத்துக் காதணிக் கருவியில் கேட்டபடி நகர்வார். இக்காலக் கருவியில் காந்த உணர்வியும் உண்டு. மின்னோட்டம் உண்டாக்கும் காந்தத் துடிப்பு உடனே வந்துவிடும். ஒலி மண்ணூடாகப் பின்னால் வரும். இரண்டுக்கும் இடைப்பட்ட நேரம் எந்த இடத்தில் மிகக் குறைவோ அதுவே பழுதின் நேர் மேல். ஆக, முதலில் எதிரொலிக்கு நேரம் பார்த்தார்கள். இப்போது மின்னலுக்கும் இடிக்கும் இடையே நேரம் பார்க்கிறார்கள். கம்பியும் உறையும் முற்றாக ஒட்டிப்போயிருந்தால் மட்டும் பொறியும் இல்லை, சத்தமும் இல்லை. அப்போது கேபிளில் ஒரு தொனியை அனுப்பி, அது மங்கும் இடம் வரை சுருள் ஒன்றால் தொடர்ந்து செல்வார்கள்.

நம் தெருவில் சத்தம் தெளிவாகக் கேட்கிறது. தண்ணீர்க் குழாய் ஒன்று பாதையைக் குறுக்கே கடக்கும் இடம் அது. குழி திறந்ததும் விடயம் புரிகிறது. எப்போதோ குழாய் பதித்தபோது மண்வெட்டி கேபிளின் வெளி உறையைக் கீறியிருக்கிறது. அன்று ஒன்றும் ஆகவில்லை. கீறலூடாக ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக உட்புகுந்து, கடைசியில் ஓர் இரவு உட்காவலைத் துளைத்துவிட்டது. ஈரம் இரு பக்கமும் எவ்வளவு தூரம் ஊறியிருக்கிறது என்று பார்த்து, அதற்கப்பால் வெட்டி, சில மீற்றர் புதுத் துண்டை இரண்டு மூட்டுகளால் இணைக்கிறார்கள்.

மண் மூடுமுன் மூன்று கம்பிகளிலும் மீண்டும் ஒரு முறை டீ.டீ.ஆர். போடப்படுகிறது. 312 மீற்றரில் இருந்த பள்ளம் போய்விட்டது. அதன் இடத்தில், மூன்று கோடுகளிலும் ஒன்றுபோல, புதிய மூட்டுகளின் இரண்டு சிறு நெளிவுகள் இருக்கின்றன. அந்தக் கோடுகளைத் திகதியிட்டுச் சேமித்து, கேபிள் வரைபடத்தில் மூட்டுகளையும் குழாய் கடக்கும் இடத்தையும் குறித்துக்கொண்ட பிறகுதான் மண் போடுகிறார்கள்.